கண்மணியில் ஒரு வெள்ளை

குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கேக் வெட்டும்போது சித்தப்பா செல்போனை நீட்டி, ஃபிளாஷ் போட்டு நாலைந்து படம் எடுக்கிறார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அம்மா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள். ஒன்றில் மட்டும் விரல் நின்றுவிடுகிறது. குழந்தையின் வலது கண்மணி ஃபிளாஷ் படங்களில் வழக்கமாகத் தெரிவதுபோலச் சிவப்பாக இருக்கிறது. இடது கண்மணியில் வெள்ளையாக ஏதோ மின்னுகிறது. இருட்டில் டார்ச் அடித்தால் பூனையின் கண் மின்னுமே, அப்படி.

கண்ணுக்குள் போன ஃபிளாஷ் வெளிச்சம் விழித்திரையில் பட்டு, அங்கே ஓடும் ரத்தத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு திரும்புவதால்தான் படத்தில் கண்மணி சிவக்கிறது. நடுவில் வெள்ளையாக ஏதாவது வளர்ந்து மறைத்தால் அந்த வெள்ளைதான் திரும்பி வரும். கேமரா பிடித்த கோணத்தாலும் இப்படித் தெரியலாம், பிறவியிலேயே வந்த கண்புரையாகவும் இருக்கலாம். ஆனால் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்க்கும்வரை அதை யாரும் சொல்ல முடியாது. அவர் பயப்படுவது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்குத்தான்.

சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற அபூர்வமான நோய் இது. அநேகமாக ஐந்து வயதுக்குள் வந்துவிடும். புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்று என்னிடம் யாராவது கேட்டால், பீடி, சிகரெட்டை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இந்தச் சின்னக் கண்ணைத்தான் முதலில் காட்டுவேன். காரணம் இருக்கிறது. அறுபது வயதுக்காரரின் நுரையீரல் கட்டியை எடுத்துச் சோதித்தால், அதன் மரபணுக்களில் ஆயிரக்கணக்கான பழுதுகள் கிடக்கும். நாற்பது வருடக் குப்பை. அதில் எது நோயைத் தொடக்கியது, எது சும்மா கூட வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. ஒரு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு குப்பை சேர நேரமே கிடையாது. அங்கே தொடக்கம் மட்டும் தனியாகத் தெரிகிறது.

அதை முதலில் கண்டுகொண்டவர் ஆல்ஃப்ரட் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர். 1971ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்காக எந்தச் சோதனைச்சாலையிலும் எதையும் கலக்கவில்லை. ஹூஸ்டன் நகரத்து மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 48 குழந்தைகளின் பழைய கேஸ் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அவ்வளவுதான்.

தாள்களில் இரண்டு விதமான குழந்தைகள் இருந்தார்கள். சிலருக்கு இரண்டு கண்ணிலும் கட்டி. ஒரே கண்ணிலேயேகூடத் தனித்தனியாகப் பல கட்டிகள். இவர்களுக்கு நோய் சீக்கிரமே, பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி வந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரே கண்ணில் ஒரே கட்டி, கொஞ்சம் தாமதமாக. நோய் ஒன்றுதான் என்றால் ஏன் இந்த வித்தியாசம்?

நட்ஸனின் விடையைப் புரிந்துகொள்ள பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடுதியில் நிறைய அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பல்பு. இரண்டும் ஃபியூஸ் ஆனால்தான் அறை இருட்டாகும். எல்லாப் பல்பும் புதிது என்றால் முதல் சில மாதங்களுக்கு ஓர் அறைகூட இருட்டாகாது. ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். இருட்டறைகள் மெல்ல, பின்னால்தான் தலைகாட்டும். பக்கத்து விடுதியில் கட்டும்போதே எல்லா அறையிலும் ஒரு பல்பு ஃபியூஸானதாகவே மாட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அங்கே மிச்சமிருக்கும் ஒன்று போனால் போதும். முதல் நாளிலிருந்தே அறைகள் ஒவ்வொன்றாக இருட்டாகத் தொடங்கும், ஒரே சீரான வேகத்தில்.

நட்ஸன் எந்தெந்த வயதில் எத்தனை குழந்தைகளுக்கு நோய் தெரிந்தது என்று வரைபடம் போட்டபோது, இரு கண்ணிலும் கட்டி வந்தவர்களின் கோடு இரண்டாவது விடுதியைப் போல இருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடு முதல் விடுதியைப் போல, தாமதமாகத் தொடங்கி வளைந்தது. எனவே விழித்திரைச் செல் ஒன்று புற்றாக மாற இரண்டு அடிகள் விழ வேண்டும் என்றார். சிலர் முதல் அடியோடு பிறக்கிறார்கள்.

நம் மரபணுக்கள் அநேகமாக எல்லாமே இரட்டைப் பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி ஏற்கெனவே கெட்டுப்போன நிலையில் கருவான குழந்தைக்கு உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பல்பு அணைந்திருக்கிறது. வளரும் விழித்திரையில் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவற்றில் ஏதோ ஒன்றிரண்டில் இரண்டாவது பிரதியும் கெடுவது கிட்டத்தட்ட நிச்சயம். இப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் வரும் என்று நட்ஸன் கணக்கிட்டார். சராசரி மூன்று என்றால் சிலருக்கு ஐந்து வரும், சிலருக்கு ஒன்றே ஒன்று வரும், அதிர்ஷ்டசாலிகள் சிலருக்கு ஒன்றுமே வராது. ஒன்றுமே வராதவர் வளர்ந்து, கல்யாணமாகி, அந்தப் பழுதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடும். தலைமுறை தாண்டி நோய் வருகிறதே என்று குடும்பங்கள் குழம்புவது இதனால்தான். இரண்டு பிரதியும் நல்லதாகப் பிறந்த குழந்தைக்கோ, அதே ஒரு செல்லில் இரண்டு அடியும் விழ வேண்டும். அது மிக மிக அரிது. அதனால்தான் ஒரு கண்ணோடு, ஒரு கட்டியோடு நிற்கிறது.

"எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இல்லையே" என்று பெற்றோர் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். இரு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகளில் பலருடைய முதல் அடி, அப்பாவின் விந்தணுவிலோ அம்மாவின் கருமுட்டையிலோ புதிதாக நேர்ந்தது. யாருடைய பாவமும் கிடையாது. ஆனால் அந்தக் குழந்தை நாளைக்குப் பெற்றோராகும்போது, பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு போகும்.

நட்ஸன் கட்டுரை எழுதியபோது அந்த மரபணு எது என்று யாருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் கழித்து, 1986ல், பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அதை 13ஆம் குரோமோசோமில் பிரித்தெடுத்தார்கள். நோயின் பெயரையே சுருக்கி ஆர்.பி. மரபணு என்று அழைத்தார்கள். அது செய்யும் புரதத்துக்கும் அதே பெயர். கண்ணில் தேடிக் கண்டுபிடித்த அந்தப் புரதம் உடம்பு முழுக்க, அநேகமாக எல்லாச் செல்லிலும் இருந்தது.

ஒரு செல் பிரிவது சாதாரண விஷயம். நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் எலும்பு மஜ்ஜையில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. ஆனால் எந்தச் செல்லும் தன் இஷ்டத்துக்குப் பிரிவதில்லை, வெளியிலிருந்து சொல்லி அனுப்ப வேண்டும். காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால், காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் 'பெருகலாம்' என்று சொல்லும் வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. அவை பக்கத்துத் தோல் செல்லின் மேல்பரப்பில் போய் ஒட்டுகின்றன. அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? பிரிவதற்கு முன்னால் செல் தன் 300 கோடி எழுத்து மரபுச் செய்தியை, அதுவும் இரட்டைப் பிரதியை, முழுவதும் நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கத் தேவையான கருவிகளைச் செய்யச்சொல்லி உத்தரவு போடும் புரதம் ஒன்று உண்டு. சாதாரண நாளில் ஆர்.பி. புரதம் அதன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை கட்டப்பட்டவரால் கையெழுத்துப் போட முடியாது, உத்தரவு கிளம்பாது, செல் சும்மா இருக்கும். வெளியிலிருந்து 'பெருகலாம்' என்ற செய்தி வந்து சேர்ந்ததும், செல்லுக்குள் சைக்ளின் என்ற புரதம் சேரத் தொடங்குகிறது. அது தன் கூட்டாளி நொதியோடு சேர்ந்து ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகிறது. ஒட்ட ஒட்ட ஆர்.பி.யின் வடிவம் மாறிப் பிடி தளர்கிறது. உத்தரவு கிளம்பிவிடுகிறது.

பிடி தளரும் அந்த இடம் முக்கியமானது. அதற்கு முன்பு வெளியிலிருந்து வரும் செய்தி நின்றால் செல் பேசாமல் திரும்பிவிடும். அதைத் தாண்டிவிட்டால் செய்தி நின்றாலும் கவலையில்லை. வளர்ப்புத் தட்டில் வைத்த மனிதச் செல் ஒன்று, ஒரு நாளைக்குள் இரண்டாகப் பிரிந்து முடித்துவிடும். பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட் துணுக்குகள் கழற்றப்படுகின்றன, ஆர்.பி. மறுபடி கையைப் பிடித்துக்கொள்கிறது. காயம் ஆறியதும் தோல் வளர்வது தானாக நிற்பது இப்படிப்பட்ட பிடிகளால்தான்.

விழித்திரைக் குழந்தைக்கு வருவோம். இரண்டு பிரதியும் போன செல்லில் ஆர்.பி. புரதமே கிடையாது. பிடிக்க ஆளில்லை. யாரும் பெருகச் சொல்லாமலே உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. நிறம் பார்க்கும் செல்லாக முதிர்ந்து, பிரிவதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டிய செல் அது. நிற்கத் தெரியாமல் இரண்டாகி, நாலாகி, முப்பது தடவை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டிவிடும். கண்மணியில் வெள்ளையாக மின்னுவது இந்தக் கூட்டம்தான்.

மற்றப் புற்றுநோய்களைத் திறந்து பார்த்தபோது, இதே தொடரில் வேறு வேறு இடங்களில் பழுது இருந்தது. கணையப் புற்றுநோயில் பெரும்பாலும், வெளிச் செய்தியை உள்ளே கடத்தும் ராஸ் என்ற புரதம் 'பெருகலாம்' என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது, வாசலில் யாருமில்லாமலே காலிங்பெல் அடித்துக்கொண்டிருப்பதுபோல. சில மார்பகப் புற்றுநோய்களில் ஆர்.பி. நன்றாகவே இருக்கிறது, சைக்ளின் அளவுக்கு மீறிச் சுரந்து அதன் பிடியை ஓயாமல் தளர்த்துகிறது. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு 2015ல் அமெரிக்காவில் பால்போசைக்ளிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சைக்ளினின் கூட்டாளி நொதியை அது மடக்கிப்போடுகிறது. பாஸ்பேட் ஒட்ட ஆளில்லாததால் ஆர்.பி. பிடியை விடுவதில்லை. ஆர்.பி.யே தொலைந்துபோன கட்டியில் இந்த மாத்திரையால் பயனில்லை. பிடிக்கிற கை இருந்தால்தானே அதை இறுக்க முடியும்.

பிடி தளர்ந்த செல் எல்லாம் புற்றாகிவிடுவதும் இல்லை. அப்படி ஆகுமென்றால் நாம் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டோம். உத்தரவு அடங்காமல் போய்க்கொண்டே இருப்பதைச் செல் கவனிக்கிறது. பி53 என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொள்கிறது. 'நில்' என்று சொல்லிப் பார்க்கும், கேட்காவிட்டால் செல்லைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கும். தற்கொலை என்பது என் மிகை இல்லை; செல் தன் மரபுச் சுருளைத் தானே துண்டு துண்டாக்கி, சுருங்கி, சிறு பொட்டலங்களாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகிவிடும். ஆகவே பெரும்பாலான கட்டிகள் வளர வேண்டுமானால் ஆர்.பி. காவலையும் கடக்க வேண்டும், பி53 காவலையும் கடக்க வேண்டும். ஒரே செல்லில் இவையெல்லாம் தற்செயலாகக் கெடப் பல வருடங்கள் பிடிக்கும். புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் இது.

ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் வீழ்த்தத் தெரிந்த ஆசாமி ஒன்று உண்டு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் இதைக் கட்டிகளுக்குள் கண்டு 1983ல் அறிவித்தார். 2008ல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸுக்கு ஒரு சொந்தச் சிக்கல் இருக்கிறது. அது குடியிருப்பது கருப்பைவாயின் மேல்தோல் செல்களில். மேலே வந்துவிட்ட செல்கள் பிரிவதை நிறுத்தி, நகலெடுக்கும் கருவிகளைக் கட்டி மூலையில் வைத்துவிட்டவை. வைரஸிடமோ நகலெடுக்கச் சொந்தக் கருவி இல்லை. எனவே வீட்டுக்காரரின் அச்சகத்தைத் திறக்க வைக்க வேண்டும். அதற்காக ஒரு புரதம் செய்கிறது. அது ஆர்.பி.யோடு ஒட்டி அதன் பிடியைக் கழற்றிவிடுகிறது. அச்சகம் ஓட ஆரம்பிக்கிறது. செல் இதைக் கவனித்துப் பி53 விழித்துக்கொள்ளுமே என்றால், அதற்கும் வைரஸ் தயார். இரண்டாவது புரதம் பி53ஐப் பிடித்துச் செல்லின் குப்பைத் தொட்டியில் தள்ளிவிடுகிறது.

வைரஸின் நோக்கம் புற்றுநோய் உண்டாக்குவதில்லை. தன் நகலை எடுத்துக்கொண்டு, உதிரும் செல்லோடு வெளியே போய்விட வேண்டும், அவ்வளவே. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை விரட்டிவிடும். அவர்களுக்கு அது வந்ததே தெரியாது. விரட்ட முடியாமல் வருடக்கணக்கில் தங்கிவிட்ட சிலரில்தான் விபத்து நடக்கிறது. வைரஸின் வளைய மரபுச் சுருள் அறுந்து மனிதக் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும். அறுகிற இடத்தில், அந்த இரண்டு புரதங்களை அளவோடு வைத்திருந்த வைரஸின் சொந்தக் கட்டுப்பாடு அடிக்கடி உடைந்துபோகும். அப்புறம் அவை அளவில்லாமல் சுரக்கும். ஆர்.பி.யும் பி53உம் மரபணு அளவில் எந்தப் பழுதும் இல்லாமலே, ஒரு நிமிடம்கூட வேலை செய்ய முடியாமல் கிடக்கும்.

இப்படி அமுக்கப்பட்ட காவலர்கள் செத்துப்போவதில்லை என்பதற்கு ஓர் அபூர்வ சாட்சி உண்டு. 1951ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள், அவர் இறந்த பிறகும் உலகெங்கும் சோதனைச்சாலைகளில் இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது தனிக்கதை. அந்தச் செல்களில் எச்.பி.வி.யின் ஒரு வகை குடியிருக்கிறது. 2000ல் யேல் பல்கலைக்கழகத்தில், உடைந்துபோயிருந்த அந்த வைரஸ் கட்டுப்பாட்டை மறுபடி செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். வைரஸின் இரண்டு புரதங்களும் அடங்கின. அரை நூற்றாண்டாக நிற்காத செல்களில் ஆர்.பி.யும் பி53உம் எழுந்து வந்தன. செல்கள் பிரிவதை நிறுத்தி, கிழடுதட்டிப் போயின.

நோயாளியின் உடம்புக்குள் இதே வித்தையைச் செய்யும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் கருப்பைவாயில் நேரம் நம் பக்கம். வைரஸ் தங்கியதிலிருந்து புற்றுநோய் ஆகும்வரை பெரும்பாலும் பத்து, இருபது வருடங்கள் ஆகின்றன. நடுவில் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகினாலும் மேல்தோலுக்குள்ளேயே கிடக்கும் ஒரு நீண்ட காலம் உண்டு. அப்போது வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. பார்க்கத் தெரிந்தால் பார்த்துவிடலாம்.

பார்ப்பதற்குப் பெரிய கருவிகூட வேண்டாம் என்று திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. அங்கே 30 முதல் 59 வயது வரையிலான பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினார்கள். வினிகரில் இருப்பது இதே அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சாதாரணத் தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கட்டுப்பாடு இழந்து நெருக்கியடித்துப் பெருகும் செல்களில் உட்கரு பெரிது, புரதம் அடர்த்தி. அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, கொதிக்கும் தண்ணீரில் விழுந்த முட்டை வெள்ளையைப்போலப் பளிச்சென்று வெளுக்கும். வெளுத்ததெல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. சாதாரண அழற்சியிலும் லேசாக வெளுக்கும். அதனால் சந்தேகமான இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த இடங்களை, தகுந்தவர்களுக்கு, கடுங்குளிர் வாயுவால் உறையவைத்து அழித்தார்கள். அதையும் பெரும்பாலும் நர்சுகளே செய்தார்கள். இப்போது வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. அந்த வசதி இல்லாத இடங்களில் அமிலமும் நல்ல வெளிச்சமும் இன்னும் உதவுகின்றன.

திண்டுக்கல் முடிவுகள் 2007ல் வெளிவந்தன. ஒரே ஒரு முறை இப்படிப் பார்க்கப்பட்ட கிராமங்களில், பார்க்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.